நிறுத்தச் சொன்ன கடிதத்தின் மூன்றாம் பத்தி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தளத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று நான் பதில் சொல்வேன். பதினேழு வருடமாகக் குழாய் வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். சிரித்த முகமாக இருந்தால் "மேடம் நல்லவங்க" என்று சொல்லிவிட்டுச் சிமெண்டைக் குறைப்பார்கள். முறைத்துக்கொண்டே இருந்தால் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும். நான் திட்டு வாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த வருடம் கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற ஊர்த்தொகுதிப் பக்கம், ஒரு குடிநீர்க் குழாய் வேலை. குழாயைப் பதிப்பது ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்கள் சரியாகப் பதிக்கிறார்களா என்று பார்க்க நியமிக்கப்பட்ட மேற்பார்வை நிறுவனத்தின் பொறியாளர் நான். முள்ளுக்குறிச்சியில் வாடகை வீடு. தினமும் காலையில் ஸ்கூட்டரில் மலை ஏறி, சாயங்காலம் இறங்குவேன்.

மேலே ஓர் ஊற்றுத் தொட்டி, கீழே குடியிருப்புக்கான தொட்டி. மோட்டார் கிடையாது, தண்ணீர் தானாக இறங்கி வரவேண்டும். நடுவில் ஒரு மேடு குறுக்கே படுத்திருந்தது. மேட்டின் மேலே குழாயைக் கொண்டுபோனால் தண்ணீர் ஏறாது. அதனால் அந்த நாற்பது மீட்டருக்கு மட்டும் பத்தடி ஆழம் வெட்டி, குழாயை அடியில் கொண்டுபோக வேண்டும். மற்ற இடமெல்லாம் மூன்றடிப் பள்ளம், யாருக்கும் பயமில்லை. பயமெல்லாம் இந்த நாற்பது மீட்டரில்தான்.

ஆழமான பள்ளத்தின் இரண்டு சுவரும் உள்ளே சரியாமல் இருக்கத் தாங்கல் கொடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் பலகையோ இரும்புத் தகடோ நிறுத்தி, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்குக் கட்டை போட்டு இறுக்குவது. எங்கள் வரைபடத்தில் இரும்புத் தகடுதான் இருந்தது. ஆனால் தகடு ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பவில்லை என்று முள்ளுக்குறிச்சியிலேயே இறக்கி வைத்திருந்தார்கள். சின்ன வண்டி பார்த்து ஏற்றுகிறோம் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தகடு வரவில்லை. பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது.

தகடு இல்லாத குறையைத் தீர்த்து வைத்தவர் தோண்டும் ஆட்களின் மேஸ்திரி. அந்த மலைக்காரர்தான், ஐம்பத்தைந்து வயது இருக்கும். தன் காட்டில் மிளகுக் கொடி படரவிட்டிருந்த சில்வர் ஓக் மரங்களில் சிலதை வெட்டிக் கட்டையாக்கிக் கொண்டுவந்தார். கான்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகைகளை நிறுத்தி, குறுக்கே கட்டைகளை வைத்து, ஆப்பு அடித்து, கயிறு போட்டுக் கட்டினார். கலியாணப் பந்தல் போடுவதில் அந்த நாட்டில் அவருக்குப் பெயர் உண்டு. முடிச்சுகளைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் பந்தல் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவது. பள்ளத்தில் பாரம் பக்கவாட்டில் வரும்.

அன்று காலை பத்து மணிக்கு நான் போனபோது உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். மேஸ்திரி நடுவில் குனிந்து தரையின் சரிவைச் சமன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளிம்பில் நிற்காமல் தள்ளி நின்று பார்த்தேன். கட்டைகள் பச்சை மரமாக வெட்டியவை. ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கி, இரண்டு ஆப்புகள் கையால் உருவினாலே வந்துவிடும் போல இருந்தன. குழாய் இறக்க இடைஞ்சல் என்று அடிவரிசைக் கட்டைகளை எடுத்தவர்கள் திரும்ப வைக்கவே இல்லை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் என் கை நுழைகிற சந்து. ஏணி இல்லை, கட்டைகளில் கால் வைத்துத்தான் ஏறி இறங்கினார்கள். தோண்டிய மண் விளிம்பிலேயே குவிந்து கிடந்தது. அதைவிட மோசம், வயல் இருக்கிற கிழக்குப் பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, பள்ளத்துக்கு இணையாக ஒரு வெடிப்பு. அதில் என் பேனாவை விட்டுப் பார்த்தேன். மூடி வரைக்கும் போனது.

"எல்லாரும் மேல வாங்க" என்று கத்தினேன்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் பத்தே நிமிசமுங்க அம்மிணி. இந்தச் சரிவை முடிச்சுப்போட்டு வாரேனுங்க."

"பத்து நிமிசமும் வேண்டாம், ஒரு நிமிசமும் வேண்டாம். மம்பட்டியை அங்கேயே போட்டுட்டு வாங்க."

வந்தார்கள். அவர் கடைசியாக வந்தார், தன் ஆட்கள் எல்லோரும் ஏறிய பிறகு. துண்டை உதறிக்கொண்டே, "என்ர கட்டு மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. "கட்டு மேல இருக்குங்க மேஸ்திரி, மண்ணு மேல இல்லீங்க" என்றேன்.

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ராசிபுரம் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, பொல்லாதவர் இல்லை. ஆனால் முதலாளி போனில் போடும் சத்தம் அவர் காதில் இரவிலும் கேட்கும் என்று நினைக்கிறேன். "ஏனுங்க மேடம், வாயில சொன்னாப் போதாதுங்களா? எதுக்குங்க எழுத்தெல்லாம்?" என்றார்.

வாயில் சொன்னது இது மூன்றாவது முறை. அதற்கு முன் ஆங்கிலத்தில் பவ்வியமாக ஒரு கடிதமும் போயிருந்தது. கவனத்துக்குக் கொண்டுவருகிறோம், ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறோம் என்கிற ரகம். அது ஃபைலில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் இந்த முறை தமிழில், படித்தால் ஒரே அர்த்தம் வருகிற மாதிரி எழுதுவது என்று முடிவு செய்தேன். மேஸ்திரிக்கும் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினால் புரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

தள உத்தரவுப் புத்தகம் என்று ஒன்று எங்களிடம் இருக்கும். கார்பன் வைத்து எழுதினால் மூன்று பிரதி. வெள்ளை ஒப்பந்தக்காரருக்கு, மஞ்சள் எங்கள் அலுவலகத்துக்கு, மூன்றாவது புத்தகத்திலேயே இருக்கும். ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதினேன்.

"தள உத்தரவு: வேலை நிறுத்தம்.

இடம்: குழாய்ப் பாதையின் மேட்டுப் பகுதி, 1240 மீட்டர் முதல் 1280 மீட்டர் வரை.

1. இன்று காலை பத்து மணிக்குப் பார்வையிட்டபோது பள்ளத்தின் ஆழம் பத்தடி. தாங்கல் அங்கீகரிக்கப்பட்ட வரைபடப்படி இல்லை. அடிவரிசைக் குறுக்குக் கட்டைகள் இல்லை. ஆப்புகள் தளர்ந்துள்ளன. பலகைக்குப் பின்னால் மண் நிரப்பப்படவில்லை. கிழக்கு விளிம்பில் வெடிப்பு உள்ளது. தோண்டிய மண் விளிம்பிலேயே குவிக்கப்பட்டுள்ளது. ஏணி இல்லை. இந்நிலை உயிருக்கு ஆபத்தானது.

2. இப்பகுதியில் மண் தோண்டுதல், குழாய் இறக்குதல், குழாய் இணைத்தல் ஆகிய அனைத்து வேலைகளையும் இந்த நிமிடம் முதல் நிறுத்தவும்.

3. தற்போதுள்ள மரத் தாங்கலை அகற்றிவிட்டு, வரைபடப்படி இரும்புத் தகட்டுத் தாங்கல் அமைக்கவும்.

4. விளிம்பு மண்ணை ஐந்தடிக்கு அப்பால் தள்ளவும். விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்கும்படி ஏணி வைக்கவும்.

5. நான் நேரில் பார்த்து எழுத்து மூலம் அனுமதி தரும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. இதனால் ஏற்படும் தாமதத்துக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு."

எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போடாமல் அரை மணி நேரம் இழுத்தார். முதலாளியைக் கேட்கவேண்டும் என்றார். சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார். "போடாட்டி போங்க, மறுத்தார்னு எழுதி அனுப்பறேன்" என்றேன். போட்டார். பெற்றுக்கொண்ட நேரமும் எழுத வைத்தேன்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தேன். மேஸ்திரி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பத்தி வந்தபோது தலையை ஆட்டினார். "ஆகட்டுங்க" என்றார். அந்தத் தலையாட்டலை அப்போது நான் கவனிக்கவே இல்லை. இப்போது தினமும் கவனிக்கிறேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போனேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்திருந்தது. வழியெல்லாம் வேலை நின்றிருக்கும், ஆட்கள் வேறு பக்கம் மூன்றடிப் பள்ளத்தில் இருப்பார்கள் என்ற நிம்மதியோடு வந்தேன். மேட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே 'டொக், டொக்' என்று சுத்தியல் சத்தம் கேட்டது.

பள்ளத்தின் ஓரத்தில் அவிழ்த்த பலகைகளும் கட்டைகளும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே நான்கு பேர் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடியில் மேஸ்திரி மட்டும். நடுவரிசைக் கட்டையின் ஆப்பைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டடி நீளத்துக்குச் சுவர் வெறுமனே நின்றது.

வண்டியை நிறுத்தினேனா, கீழே போட்டேனா தெரியவில்லை. "மேல வாங்க! விட்டுட்டு மேல வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் நிமிர்ந்து, "இந்த ஒண்ணுதானுங்க..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடியவில்லை. கிழக்குச் சுவர் பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. வெடிப்பு இருந்த இடத்திலிருந்து அப்படியே ஒரு அடுக்கு கழன்று உட்கார்ந்தது. மூட்டை இறக்கினமாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் எதிர்ச் சுவரோடு தள்ளப்பட்டு, இடுப்புக்கு மேல் வரை மண்ணுக்குள் நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

மேலே நின்றவர்களில் ஒருவர் அவருடைய தம்பி. "அண்ணா!" என்று அலறிக்கொண்டு குதிக்கப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. "இறங்கினா நீங்களும் செத்துப்போவீங்க, அவரும் செத்துப்போவாரு" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்தினேன். என்னை அவர் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அண்ணன் மூச்சுக்குத் திணறுகிறான், ஒருத்தி சட்டையைப் பிடித்துக்கொண்டு சட்டம் பேசுகிறாள். நானாக இருந்தால் என்னை அடித்திருப்பேன்.

ஆனால் மண் விழுந்த இடத்தில் மறுபடி விழும். முதலில் விழுந்தவரைவிட, காப்பாற்றக் குதித்தவர்கள் அதிகமாகச் செத்த கதைகள் எங்கள் வேலையில் உண்டு. தள்ளி நின்றிருந்த சூப்பர்வைசர் பொக்லைனை எடுக்க ஓடினார். அதன் அதிர்வு ஒன்றே போதும், மிச்சச் சுவரும் இறங்கிவிடும். "வண்டியைத் தொடாதீங்க, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க, வளைவுக்கு ஓடுங்க" என்று அவரை விரட்டினேன்.

அவிழ்த்து அடுக்கியிருந்த பலகைகளே உதவின. விளிம்பில் நீளவாக்கில் பலகை போட்டு அதன்மேல் நின்றோம். அவருக்கு இரண்டு பக்கமும் பலகைகளை மேலிருந்தே இறக்கிச் சுவரோடு நிறுத்தினோம். குறுக்குக் கட்டைகளை முதலில் மேல்வரிசை, பிறகு அதற்கடுத்தது என்று மேலிருந்து கீழாக இறுக்கினோம். மூன்று வரிசை இறுகிய பிறகுதான் தம்பியையும் இன்னொருவரையும் கட்டு அவிழ்க்காத முனை வழியாக, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். மம்பட்டி வேண்டாம், கையாலும் சட்டியாலும் அள்ளச் சொன்னேன். நெஞ்சைச் சுற்றி முதலில், பிறகு இடுப்பு. கயிறு போட்டு இழுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு ஒரு வசவு விட்டேன். புதைந்த மனிதனை இழுத்தால் முதுகு போய்விடும்.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. அவர் மயங்கவில்லை. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க அம்மிணி" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. அழ நேரமில்லை.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு இறங்கிய பிறகு சூப்பர்வைசரிடம் பாய்ந்தேன். "நேத்து கையெழுத்துப் போட்டீங்களே, படிச்சீங்களா இல்லையா? ஆளை எப்படிங்க இறக்குனீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பிரதியை எடுத்தார். நான்காக மடித்து, வியர்வையில் நனைந்திருந்தது. பிரித்து என் கையில் கொடுத்தார். "மூணாவதைப் படிங்க மேடம். மரத்தை எடுத்துப்போட்டுத் தகடு போடச் சொல்லியிருக்கீங்க. சின்ன வண்டி கெடச்சு பத்து மணிக்குத் தகடு வருதுங்க. அதுக்குள்ள எடம் காலியா இருக்கணும்னு எடுத்தோம். நீங்க சொன்னதைத்தானுங்க செஞ்சோம்."

படித்தேன். என் கையெழுத்து. குண்டு குண்டாக, தெளிவாக.

"அகற்றிவிட்டு." அகற்றவேண்டும் என்றால் யாராவது இறங்கவேண்டும். எந்தப் பள்ளத்தில் இறங்கினால் சாவு என்று முதல் பத்தியில் எழுதினேனோ, அதே பள்ளத்தில் மூன்றாம் பத்தியில் ஆளை இறக்கியிருக்கிறேன். தோண்டாதே என்றேன், குழாய் இறக்காதே என்றேன், இணைக்காதே என்றேன். யாரும் உள்ளே போகக் கூடாது என்ற ஒரு வரி இல்லை. இருக்கிற தாங்கலைத் தொடாதே, முதலில் சரியும் பக்கத்தில் மண்ணை நிரப்பு, பிறகு தகட்டை மேலிருந்தே இறக்கி இறுக்கு, அதற்கப்புறம்தான் பழையதை எடு. இந்த வரிசை எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறேன்.

"அவரை மட்டும் எதுக்குங்க இறக்குனீங்க?" என்று கேட்டேன். என் குரல் இறங்கியிருந்தது.

"நான் வேற ஆளைத்தானுங்க இறங்கச் சொன்னேன். அவருதான் ஒத்துக்கல. கட்டுனவன்தான் அவுக்கணும், அடுத்தவன் கை வெச்சா ஆகாதுன்னுட்டாரு."

பந்தல் போடுகிறவர்களின் வழக்கம் அது. முடிச்சுப் போட்டவனுக்குத்தான் எது எதைத் தாங்குகிறது என்று தெரியும், அதனால் அவனேதான் பிரிப்பான். கலியாணத்தில் அது நல்ல வழக்கம்.

மேஸ்திரிக்கு இடுப்பு எலும்பும் வலது தொடையும் முறிந்திருந்தன. உயிருக்கு மோசமில்லை, ஆனால் மரம் ஏறுவது இனி கிடையாது என்றார்கள். சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து ஏறி மிளகு பறிக்கிற மனிதர். அவருக்கு அது பாதி ஆயுளை எடுத்துக்கொண்ட மாதிரி.

மூன்றாம் நாள் எங்கள் டீம் லீடர் கீழேயிருந்து போன் செய்தார். "உங்க லெட்டர்தாம்மா நம்மளைக் காப்பாத்துச்சு. என்ன தெளிவு! நிறுத்துன்னு எழுதி, கையெழுத்தும் வாங்கியாச்சு. இனி நம்ம பக்கம் யாரும் விரல் நீட்ட முடியாது. மத்த தளத்துக்கெல்லாம் மாதிரின்னு அனுப்பியிருக்கேன்." நான் "சரிங்க சார்" என்றேன். மூன்றாம் பத்தியை அவரும் படித்திருக்கிறார். படித்தும் அவருக்கு உறைக்கவில்லை, எனக்கு உறைக்காதது போலவே.

எட்டாம் நாள் ஒப்பந்தக்காரரின் பதில் வந்தது. நிறுத்த உத்தரவு தங்களுக்குக் கிடைத்ததாகவும், அதைத் தொழிலாளர்களுக்குத் தெரிவித்துவிட்டதாகவும், அதையும் மீறி மேஸ்திரி தன்னிச்சையாக இறங்கியதால் விபத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் இருந்தது. கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து. என் முன்னால் வெள்ளைப் பிரதியை நீட்டிய அதே கை. அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவர் பொய் எழுதினார் என்றால் நான் எட்டு நாளாக உண்மையை எழுதாமல் இருந்தேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

எட்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம் கிடைத்தது. நிறுத்தச் சொன்னேனே, அது போதாதா? வேலை தெரிந்தவர்கள் எப்படி அகற்றுவது என்று கேட்டிருக்க வேண்டாமா? நான் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று ஐந்தாம் பத்தியில் இருக்கிறதே? எல்லாச் சமாதானமும் காகிதத்தில் நின்றன. "கோவிச்சுக்காதீங்க" என்ற குரலுக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஓட்டு வீடு. உள்ளே கட்டிலில் படுத்திருந்தார், காலில் கட்டு. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது, அவர் புருசனிடம்தான் பேசவில்லை.

"நிறுத்தச் சொல்லி எழுதியே குடுத்துட்டாங்களாமா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் அந்த அம்மா. "ஊரே சொல்லுது. அந்தப் புள்ளை அத்தனை சொல்லியும் இந்த மனுசன் போயி எறங்குச்சாம். சொல்பேச்சுக் கேக்காத சென்மம். எங்களை நெனச்சுப் பாத்துச்சா?"

மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடுதாசி இருக்குதுங்களா அம்மிணி? இன்னொருக்கா படிச்சுக் காட்றீங்களா? எனக்குச் சரியா ஞாவகம் இல்லீங்க. அன்னிக்குக் கேட்டப்ப வேற மாதிரி வெளங்குச்சு. இப்ப எல்லாருஞ் சொல்றதைப் பாத்தா, நான்தான் தப்பாக் கேட்டுட்டனோன்னு இருக்குதுங்க."

பையில் புத்தகம் இருந்தது. எடுத்தேன். முதல் பத்தி படித்தேன், இரண்டாம் பத்தி படித்தேன். மூன்றாம் பத்திக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவது எவ்வளவு சுலபம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அந்த வீட்டில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

படித்தேன். "தற்போதுள்ள மரத் தாங்கலை அகற்றிவிட்டு..."

"அதானுங்க!" மேஸ்திரி கட்டிலில் எழுந்திருக்கப் பார்த்தார். வலியில் முகம் சுளித்தது, ஆனாலும் சிரித்தார். "கேட்டியா? எடுக்கச் சொல்லித்தான் இருக்குது. சொன்னபடிதான் நான் செஞ்சிருக்கேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தார். "நெசமாங்க?"

"நெசந்தானுங்க. சொன்னபடிதான் அவர் செஞ்சாரு. சொன்ன நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். யாரும் எறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கணும். எழுதலீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவே போயிருந்தேன். அவர் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருசனின் கால் பக்கம் போய் உட்கார்ந்தார். போர்வையை இழுத்துச் சரி செய்தார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். எலும்பு முறிந்து, மரம் ஏற முடியாமல் ஆன மனிதரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என்மேல் ஒரு சொல்லாவது கோபம் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்தபோது அந்த அம்மா சொன்னார்: "இப்பச் சொன்னீங்களே, அதையும் எழுதிக் குடுங்க சாமி. நிறுத்தச் சொன்னதை மட்டும் எழுத்துல வெச்சுக்கிட்டுப் பேசறாங்க. இதையும் எழுத்துல குடுங்க."

உட்கார்ந்து எழுதினேன். முதல் கடிதத்தைவிடச் சின்னது. மரத் தாங்கலை அகற்றும்படி எழுதியது நான். பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்றும் எழுதவில்லை. மேஸ்திரி உத்தரவை மீறவில்லை. என் உத்தரவை நிறைவேற்றும்போதுதான் அடிபட்டார். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

சிக்னல் இருக்கும் வளைவில் வண்டியை நிறுத்தி டீம் லீடருக்குப் போன் செய்தேன். எழுதியதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டார்:

"எழுதலாம்னு இருக்கீங்களா, எழுதிட்டீங்களா?"

"குடுத்துட்டு வந்துட்டேனுங்க சார்" என்றேன்.